பன்னிரண்டு புள்ளி இரண்டு

அன்புள்ள யாழினி,

கேமராவோடு வந்த சார்ஜரை சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் சொருகினால் போதுமா, இல்லை மூன்று ஒயர் தொங்கும் அந்தச் சின்னப் பெட்டியை ஃபியூஸ் பாக்ஸில் மாட்டித்தான் ஆக வேண்டுமா என்று கேட்டிருந்தாய். கார் ராத்திரி எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்தது அது. ஓடும்போது நடப்பதைப் பதிவு செய்ய சாக்கெட்டே போதும். நம் வீட்டு கேட்டுக்குள் நிற்கிற என் காருக்கு இப்போது அதுதான். நீயோ வேளச்சேரியில் தெருவோரம் விடுகிறாய். போன மாதம் யாரோ கதவில் இழுத்துவிட்டுப் போன கோட்டுக்குச் சாட்சி இல்லை என்று புலம்பினாயே, அந்தச் சாட்சி சாக்கெட்டில் கிடைக்காது. பெரும்பாலான கார்களில் சாவியை எடுத்ததும் சாக்கெட் செத்துவிடும், கேமராவும் கண்ணை மூடிவிடும். சில கார்களில் சாக்கெட் எப்போதும் உயிரோடு இருக்கும். அது இன்னும் ஆபத்து. தடுக்க ஆளில்லாமல் கேமரா பேட்டரியைக் கடைசிச் சொட்டு வரை குடித்துவிடும்.

அந்தப் பெட்டி இரண்டு வேலை செய்கிறது. காரின் 12 வோல்ட்டை கேமராவுக்கு வேண்டிய 5 வோல்ட்டாக இறக்குகிறது. பேட்டரி ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் கேமராவை அணைக்கிறது. இந்த இரண்டாவது வேலையை நம்பி நான் ஒருமுறை ஏமாந்தேன்.

பெட்டியில் வந்தபடியே 11.8 வோல்ட்டில் விட்டுவிட்டு, காரை ரயில் நிலையத்து நிறுத்தத்தில் போட்டுவிட்டு, ஒரு கல்யாணத்துக்குப் போய் நான்காம் நாள் திரும்பினேன். சாவியைத் திருப்பினால் 'டிக் டிக்' என்ற சத்தம் மட்டும்தான். செல்ஃப் எடுக்கவில்லை. பெட்டி கெட்டுப்போய்விட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். அது சரியாக 11.8-ல்தான் அணைத்திருந்தது. தப்பு எண்ணில் இருந்தது.

சும்மா நிற்கும் ஈயப் பேட்டரி நிறைந்திருக்கும்போது சுமார் 12.6 வோல்ட் காட்டும். 12.4 என்றால் ஏறக்குறைய முக்கால், 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால். 11.8-க்கு வந்தால் தொட்டி காலி என்றே வைத்துக்கொள். 12.6-க்கும் 11.8-க்கும் நடுவில் ஒரு வோல்ட்கூட இல்லாததால் வித்தியாசம் சின்னதாகத் தெரிகிறது. பேட்டரியின் மொத்த வாழ்க்கையும் அந்த இடைவெளிக்குள்தான் இருக்கிறது. கேமராவுக்குச் சொட்டுச் சொட்டாக வேண்டும், செல்ஃப் மோட்டாருக்கோ ஒரு நொடியில் நூறு ஆம்பியருக்கு மேல் வேண்டும். 11.8-ல் கேமரா சந்தோஷமாக ஓடும், என்ஜின் சுற்றாது.

உன் காரையே எடுத்துக்கொள்வோம். பேட்டரி 35 ஆம்பியர்-மணி. நிற்கும்போது கேமரா கால் ஆம்பியர் இழுக்கிறது என்று வை. மாலை ஆறு முதல் காலை எட்டு வரை பதினான்கு மணி நேரத்துக்கு மூன்றரை ஆம்பியர்-மணி, அதாவது பத்தில் ஒரு பங்கு. மறுநாள் ஓட்டத்தில் அது பெரும்பாலும் திரும்பிவிடும். வெள்ளிக்கிழமை மாலை நிறுத்திவிட்டு ஊருக்கு வந்து திங்கள் காலை எடுக்கிறாய் பார், அது 62 மணி நேரம், பதினைந்தரை ஆம்பியர்-மணி. புது பேட்டரி என்றால் 12.2-ல் வைத்தாலும் திங்கள் வரை இழுத்துவிடும். நான்கு வெயில் பார்த்த பழைய பேட்டரியில் 22 ஆம்பியர்-மணிதான் மிஞ்சியிருக்கிறது என்றால், பாதி என்பது 11. ஞாயிறு மதியம் இரண்டு மணிக்குக் கேமரா அணையும். அதன் பிறகு தெருவில் நடப்பது பதிவாகாது, ஆனால் திங்கள் காலை வண்டி எடுக்கும். அதனால் உனக்கு 12.2. ஏற்கெனவே செல்ஃப் இழுத்து இழுத்துச் சுற்றுகிறது என்றால் 12.4.

இனி மூன்று ஒயர். நிறத்தைவிட அதன் மேல் அச்சடித்திருப்பதை நம்பு. `B+` எப்போதும் மின்சாரம் இருக்கும் ஃபியூஸுக்கு, பல கார்களில் உள்விளக்கு ஃபியூஸ் அப்படித்தான் இருக்கும். `ACC` சாவியோடு உயிர்பெறும் ஃபியூஸுக்கு, சாக்கெட்டின் ஃபியூஸே பொருத்தம். `GND` காரின் உடம்போடு இருக்கும் வெற்று உலோக போல்ட்டுக்கு. பெயின்ட் பூசிய போல்ட்டில் மாட்டினால் எர்த் சரியாகப் பிடிக்காமல் மேடுபள்ளத்தில் கேமரா அணைந்து அணைந்து எரியும். ஏர்பேக், ஏபிஎஸ், என்ஜின் என்று குறித்த ஃபியூஸ்களின் பக்கம் போகாதே.

எது எப்போதும் உயிரோடு இருக்கிறது என்று மல்டிமீட்டரால் பார்க்கும்போது ஒரு பொறுமை வேண்டும். சாவியை எடுத்து, கதவைப் பூட்டி, அரை மணி நேரம் கழித்துப் பார். சில கார்கள் உள்விளக்கு ஃபியூஸைக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் அணைக்கும். உடனே பார்த்து ஏமாந்தவர்கள் உண்டு. மாட்டிய பிறகு கேமராவே தப்பைச் சொல்லிவிடும். சாவியை எடுத்த உடனே அணைந்தால் `B+` தப்பான இடத்தில் இருக்கிறது. எவ்வளவு நேரம் ஆனாலும் பார்க்கிங் நிலைக்குப் போகாமல் ஓடும்போது போலவே பதிவு செய்துகொண்டிருந்தால் `ACC` தப்பு.

ஒயரை ஃபியூஸில் சுற்றிச் செருகாதே, கடையில் கிடைக்கும் ஃபியூஸ் டேப் வாங்கு. ஃபியூஸில் மினி, மைக்ரோ என்று அளவுகள் வேறுபடும், ஒன்றைக் கழற்றிக் கையில் கொண்டுபோய்க் காட்டு. டேப்பில் இரண்டு ஃபியூஸ் உட்காரும். பழையது அதன் இடத்தில், கேமராவுக்கு 3 ஆம்பியரில் ஒன்று. டேப்பைத் திருப்பி மாட்டினாலும் கேமரா வேலை செய்யும், அதனால்தான் யாரும் கண்டுபிடிப்பதில்லை. அப்போது கேமராவின் மின்சாரமும் பழைய ஃபியூஸ் வழியாகவே போகும். சோதிக்க ஒரு எளிய வழி: டேப்பை மாட்டிய பிறகு பழைய ஃபியூஸை மட்டும் பிடுங்கு. கேமரா ஒயரில் இன்னும் 12 வோல்ட் வந்தால் சரி, போய்விட்டால் டேப்பைத் திருப்பிப் போடு.

கண்ணாடியிலிருந்து ஒயரை இறக்கும்போது பக்கத்துத் தூணில் ஏர்பேக் என்று எழுதியிருக்கிறதா பார். இருந்தால் ஒயர் அதன் பின்னால்தான் போக வேண்டும், முன்னால் குறுக்கே ஓடக் கூடாது. அந்த ஒரு இடத்தை மட்டும் ஒரு கார் எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுவது நல்லது.

ஒயரைத் தொடுவதற்கு முன் ராத்திரி முழுக்க நின்ற காரில், காலையில் சாவி போடும் முன், பேட்டரி முனைகளில் வோல்ட் பார்த்து எனக்கு எழுது. ஓட்டிவிட்டு வந்த உடனே பார்த்தால் 12.9 என்று பொய் சொல்லும். பேட்டரி மேல் ஒட்டிய தேதியையும் படமெடுத்து அனுப்பு. கேமரா இல்லாமலே 12.3-க்குக் கீழே காட்டினால் முதலில் பேட்டரியை மாற்று, பெட்டி அது வரை டிராயரில் கிடக்கட்டும்.

அன்புடன்,
பெரியப்பா