தராசு இல்லாமல் பஞ்சுப் பொதியின் நிறை

அமெரிக்காவில் விதை நீக்கிய பஞ்சை இயந்திரத்தால் இறுக அழுத்திக் கட்டிப் பொதியாக்குகிறார்கள். பொதியின் கன அளவை அதன் அடர்த்தியால் பெருக்கினால் நிறை கிடைக்கும்.

நீளம் 1.40 மீற்றர், அகலம் 0.53 மீற்றர், உயரம் 0.70 மீற்றர் என்று கொள்வோம். மூன்றையும் பெருக்க, ஏறத்தாழ 0.52 கன மீற்றர். ஒரு கன மீற்றரில் 430 கிலோ பஞ்சு அடங்கும்படி அழுத்தியிருந்தால், 0.52 × 430 = ஏறத்தாழ 224 கிலோ. அங்கு ஒரு பொதி வழக்கமாக 500 இறாத்தல், அதாவது 227 கிலோ அளவில் இருக்கும். ஆகவே நமது விடை பொருந்துகிறது.

பிழை வருவது அளக்கும் இடத்தில்தான். இயந்திரத்திலிருந்து எடுத்ததும் பஞ்சு உப்பி, கட்டுகளுக்கிடையே புடைக்கும். புடைப்பின் மேல் அளந்து உயரம் 0.76 மீற்றர் என்று எழுதி, அதே 430ஆல் பெருக்கினால் விடை 242 கிலோவைத் தாண்டும். பஞ்சோ ஒரு பிடிகூடக் கூடவில்லை, கூடியது காற்று. இயந்திரத்துக்குள் இருந்தபோதுள்ள அடர்த்திக்கு அப்போதைய உயரத்தையே சேர்க்க வேண்டும். உப்பிய பொதியை அளந்தால், உப்பிய நிலையின் அடர்த்தி வேண்டும்.

ஈரம் ஏறினால் அளவு அதிகம் மாறாமலே நிறை கூடும். நாடாவால் அதைக் கண்டுபிடிக்க முடியாது. எனவே விலை பேசத் தராசு வேண்டும். 10,000 கிலோ ஏற்றக்கூடிய லொறியில் எத்தனை பொதி ஏற்றலாம் என்று அறிய இந்தக் கணக்குப் போதும்: 44.