கேமராவுக்கு முன்னால் போகிற கடுதாசி

கிராமத்துப் பெரியவர்களிடம் கதை கேட்டுப் படம் பிடிக்கக் கிளம்புகிறவர்கள் இப்போதெல்லாம் முதலில் போன் போடுகிறார்கள். நான் கடிதம் எழுதுகிறேன். போனில் பேசினால் எடுத்தவரோடு பேச்சு நின்றுவிடும். பேரன் எடுத்தால் அவன் காதில் விழுந்ததில் பாதிதான் பாட்டிக்குப் போய்ச் சேரும். கடிதம் அப்படியல்ல. டி.வி. பெட்டிக்கு மேலேயோ சாமி படத்துக்குப் பின்னாலேயோ அது கிடக்கும். வேலை முடிந்து வருகிற மகன் எடுத்துப் பார்ப்பான், எதிர்வீட்டு ஓய்வு பெற்ற வாத்தியார் வாங்கிப் படிப்பார். 'வரச் சொல்லலாமா, வேண்டாமா' என்று வீடே கூடிப் பேசி முடிவெடுக்க அந்தத் தாள் உதவும். எண்பது வயதுக்காரரைக் கேமரா முன் உட்கார வைப்பது அவர் ஒருவர் மட்டும் எடுக்கிற முடிவு இல்லை.

கம்பம் பள்ளத்தாக்கில் நான் இந்த வேலையைத் தொடங்கியது முல்லைப் பெரியாறு அணைக் கதைகளுக்காக. 1887-இல் தொடங்கி 1895-இல் முடிந்த அணை. பென்னிகுவிக் தன் சொத்தை விற்றுக் கட்டி முடித்தார் என்று லோயர் கேம்ப் முதல் தேனி வரை எந்த டீக்கடையிலும் சொல்வார்கள். அரசுப் பணத்தில் சென்னை மாகாணப் பொதுப்பணித் துறை கட்டிய அணை என்பது ஆவணங்களில் இருக்கிறது. சொத்தை விற்றதை வரலாற்று ஆய்வாளர்கள் எல்லோரும் ஒப்புக்கொள்வதில்லை. எனக்கு வேண்டியிருந்தது இந்த வழக்குக்குத் தீர்ப்பு இல்லை. மலைக்குக் கூலி வேலைக்குப் போனவர்களின் வீடுகளில் அந்தக் கதை எப்படிச் சொல்லப்படுகிறது, வெள்ளைக்காரத் துரையைத் தவிர அதில் யார் யார் வருகிறார்கள் என்பதுதான். தேவாரம் பக்கத்தில் ஒரு பாட்டி அதை விடிய விடியச் சொல்வார் என்று கேள்விப்பட்டு எழுதிய கடிதத்தை இங்கே தருகிறேன்.

"அப்பத்தாவுக்கு வணக்கம்.

நான் சின்னமனூர்க்காரன். அப்பா வெற்றிலைக் கொடிக்கால் வச்சிருந்தாக. உங்க ஊரு டீக்கடை அண்ணன்தான் உங்களைப் பத்திச் சொன்னாக. பெரியாத்து அணை கட்டுன காலத்துக் கதைய நீங்க சொல்லிக் கேக்கணும்னாக.

அந்தக் கதைய நானும் கேக்கணும். நீங்க சரின்னு சொன்னா, சொல்லும்போதே கேமராவுல பிடிச்சுக்கணும். முதல் தடவை வரும்போது கேமரா கொண்டு வர மாட்டேன். சும்மா பேசிட்டுப் போயிடுவேன். அப்புறம் உங்களுக்கு இஷ்டம்னா ஒரு நாள் குறிப்போம்.

படம் பிடிக்க வரும்போது என்னோட இன்னொரு பையன் மட்டும் வருவான். நீங்க எப்பவும் எங்கே உக்காருவீகளோ அங்கேயே உக்காந்து சொல்லலாம். புதுச்சேலை கட்ட வேண்டாம். ஃபேனை மட்டும் நிறுத்தச் சொல்லுவோம், சத்தம் உள்ளே போயிடும். நடுவுல நடுவுல போட்டுக்கலாம். கதை கேக்க உங்களுக்குப் பிடிச்ச ஆளு யாராவது பக்கத்துல இருந்தா நல்லது.

இதுக்கு எந்தக் கம்பெனியும் பணம் கொடுக்கலை. என் கைக்காசு. உங்களுக்கும், அன்னிக்கு உங்களோட வீட்டுல இருக்கிறவுகளுக்கும் ஏலத்தோட்டத்துல என்ன கூலியோ அதைக் கொடுத்துடுவேன். ஆதார் கார்டு, ரேஷன் கார்டு, பேங்க் புத்தகம் எதுவும் கேக்க மாட்டேன்.

சொல்லக்கூடாத கதை, சாமி கதை எதுவும் இருந்தா அதைக் கேக்க மாட்டேன். பாதியில வேண்டாம்னாலும் நிறுத்திடலாம். வேண்டாம்னா டீக்கடை அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை சொன்னாப் போதும். கோவிச்சுக்க மாட்டேன்."

கீழே என் பெயர், அப்பா பெயர், தெருப் பெயர், போன் நம்பர்.

இதில் 'ஆவணப்படம்' இல்லை, 'நேர்காணல்' இல்லை, 'நாட்டார் வழக்காறு' இல்லை. சும்மா எளிமைக்காக விட்டதில்லை. இந்தக் கடிதத்தை அவர் படிக்கப் போவதில்லை, கேட்கப் போகிறார். பள்ளிக்கூடம் போகிற பேத்தி திண்ணையில் உட்கார்ந்து உரக்க வாசிப்பாள். வாசிக்கிற பிள்ளைக்கு வாய் தடுமாறுகிற இடத்தில் எல்லாம் கேட்கிறவருக்குச் சந்தேகம் வரும். அதனால் எழுதி முடித்ததும், தாளைப் பார்க்காத ஒருவருக்கு ஒரே மூச்சில் வாசித்துக் காட்டுவேன். 'என்ன சொன்னே?' என்று அவர் திருப்பிக் கேட்கிற வாக்கியத்தை உடைத்து இரண்டாக்குவேன். எழுத்தும் பெரிதாக இருக்க வேண்டும். அச்செடுத்தால் 16 புள்ளிக்குக் குறையாமல், ஒரு பக்கத்துக்குள்.

'அப்பத்தா' என்று தொடங்கியதற்கும் விசாரணை நடந்தது. இந்தப் பக்கம் சீயான், அப்புச்சி, அம்மாச்சி என்று வீட்டுக்கு வீடு முறை மாறும். தவறான முறையைச் சொல்லி அழைத்தால் 'இவன் எந்த வகையறா' என்ற கேள்விதான் முதலில் எழும். ஊரே அவரை அப்பத்தா என்றுதான் கூப்பிடுகிறது என்று டீக்கடைக்காரர் உறுதி சொன்ன பிறகுதான் எழுதினேன். 'உயர்திரு' போட்டு எழுதினால் கோர்ட்டு நோட்டீசோ பேங்கு நோட்டீசோ வந்துவிட்டது என்று வீட்டில் பதறுவார்கள்.

கடிதத்தில் கேள்விப் பட்டியல் இல்லாததையும் கவனித்திருப்பீர்கள். என்னோடு படித்தவர்கள் பத்துப் பதினைந்து கேள்விகளை இணைத்து அனுப்புவார்கள். அதைக் கேட்ட பெரியவர், பரீட்சை என்று நினைத்து, பதில்களை மகனிடம் கேட்டுத் தயார் செய்து வைப்பார். பிறகு கேமரா முன்னால் நமக்குக் கிடைப்பது செய்தித்தாளில் வந்த பென்னிகுவிக்தான். எந்தக் கதை வேண்டும் என்பதை மட்டும் சொன்னால் போதும். 'அது உண்மையா' என்று கடிதத்திலும் கேட்கக்கூடாது, நேரிலும் கேட்கக்கூடாது. 'இதை உங்களுக்கு யார் சொன்னாக, அப்ப நீங்க எங்கே இருந்தீக' என்பது நல்ல கேள்வி. அதற்குப் பதில் சொல்லும்போது கதையோடு அந்த வீடும் வந்துவிடுகிறது. இந்தப் பாட்டிக்குக் கதை சொன்னது அவருடைய மாமியார். அதில் துரை ஓரமாகத்தான் நிற்கிறார். மலைக்காய்ச்சலில் புருஷனைப் பறிகொடுத்துவிட்டுத் தனியாக மலை இறங்கி வந்த ஒருத்திதான் நடுவில் இருக்கிறாள்.

கதை கேட்க ஓர் ஆள் வேண்டும் என்று எழுதியதுதான் இந்தக் கடிதத்திலேயே அதிகம் உதவிய வரி. பேட்டி எடுக்கிறவன் வாயை மூடிக்கொண்டு தலையை மட்டும் ஆட்ட வேண்டும், குரல் பதிவாகிவிடும் என்று எங்களுக்குச் சொல்லித்தருகிறார்கள். ஊங்கொட்ட ஆள் இல்லாமல் கதை சொல்லிப் பழக்கமில்லாதவரிடம் அது செல்லாது. 'உம்' வரவில்லை என்றால் பாட்டி நிறுத்திவிட்டு, 'தூங்கிட்டியா?' என்று கேட்பார். அன்றைக்கு ஊங்கொட்ட உட்கார்ந்தது பக்கத்து வீட்டு மதினி. ஒரு காலர் மைக்கைப் பாட்டியின் முந்தானை மடிப்பில் பேத்தியை விட்டே குத்தச் சொன்னோம். இன்னொன்றை அந்த மதினிக்கு வைத்துத் தனித் தடத்தில் பதிவு செய்தோம். எடிட்டிங்கில் அந்த 'உம்'களை எடுத்துப் பார்த்தால் பாட்டியின் பேச்சு இடையிடையே அறுந்து தொங்குகிறது. திரும்பச் சேர்த்தால்தான் மூச்சு வருகிறது. கேமராவுக்குப் பக்கத்தில் மதினி உட்கார்ந்ததால் பாட்டியின் பார்வைக்கும் இடம் கிடைத்தது. 'லென்ஸைப் பாருங்க', 'என்னைப் பாருங்க' என்று எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கடிதத்தில் தேதி போடாதது வேண்டுமென்றே. ஆனால் எழுதுகிறவன் மனதில் ஒரு காலண்டர் இருக்க வேண்டும். பெரும்பாலும் ஜூன் தொடக்கத்தில் அணையைத் திறந்து, பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கருக்கு முதல் போகத் தண்ணீர் விடுவார்கள். அப்போது யாருக்கும் உட்கார நேரம் இருக்காது. அதே மாதங்களில் கணவாய் வழியாக இறங்குகிற மேற்குக் காற்று. ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலைகள் சும்மா நிற்கவில்லை. ஆடியில் திண்ணையில் வைத்துப் பேட்டி எடுத்தால் மைக்குக்கு முடி உறை போட்டாலும் இரைச்சல் உள்ளே ஏறும். காதொலிப்பானில் தடதடவென்று அடிச்சத்தம் கேட்டால் வீட்டுக்குள் போய்விடுவதுதான் வழி. பிறகு சரிசெய்துகொள்ளலாம் என்ற பேச்சு நடக்காது. ஐப்பசி, கார்த்திகை மழை. மார்கழியில் கோயில் ஒலிபெருக்கி. ஜனவரி 15 பென்னிகுவிக் பிறந்த நாள், பல ஊர்களில் அவருக்குப் பொங்கல் வைப்பார்கள். சேனல்காரர்கள் வந்து அவரவருக்கு வேண்டிய கதையைக் கேட்டு வாங்கிப் போகிற நேரம் அது. எல்லாம் அடங்கிய மாசி மாதம்தான் எனக்குத் தோது. அதுவும் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றுகிற ஜீப் வராத ஞாயிற்றுக்கிழமை.

கூலி பற்றிய வரிக்கு நண்பர்களிடம் எதிர்ப்பு உண்டு. காசு கொடுத்தால் கதை கெட்டுவிடும் என்பார்கள். ஞாயிறு அமையாமல் வேலை நாளில் எடுக்கும்போது, பாட்டிக்குத் துணையாக வீட்டில் இருக்கிற மருமகள் அன்றைய கூலியை இழந்தால் மட்டும் எது கெடாமல் இருக்கிறதோ தெரியவில்லை. தொகையை முன்கூட்டியே சொல்லிவிட்டு, கதை நீளமோ குட்டையோ அதே தொகையைக் கொடுத்தால், காசுக்காகக் கதையை இழுக்கிற பேச்சே வராது.

கடிதத்துக்குச் சரி என்று பதில் வந்துவிட்டால் அதுவே சம்மதம் என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. நாட்டுப்புறக் கதை யாருக்கும் சொந்தமில்லை என்று பொதுவாகச் சொல்கிறோம். ஆனால் அவர் அதைச் சொல்லிக்காட்டுவது அவருடைய நிகழ்த்துதல். 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 38-ஆம் பிரிவு நிகழ்த்துநருக்கு அதில் 50 ஆண்டு உரிமை தருகிறது. படத்தில் சேர்க்கச் சம்மதம் என்று ஒருமுறை எழுதிக் கொடுத்துவிட்டால், தயாரிப்பாளர் அந்தப் படத்தில் அதைப் பயன்படுத்துவதைப் பிறகு அவர் தடுப்பது கடினம். வணிகரீதியாகப் பயன்படுத்தினால் அவருக்கும் பங்கு உண்டு என்பது 2012 திருத்தம். இவ்வளவு எடையுள்ள கையெழுத்தை, கதை சொல்லிக் களைத்த சாயங்காலத்தில் கைநாட்டாக வாங்குவது எனக்கு உவப்பில்லை. எடுத்ததை லேப்டாப்பில் அவருக்கும் மகனுக்கும் போட்டுக் காட்டிவிட்டு, எங்கெங்கே காட்டப்போகிறேன் என்று சொல்லி, அவர் வாயாலேயே 'சரி' அல்லது 'இந்த இடம் வேண்டாம்' என்று பதிவு செய்துகொண்டு, அதற்கப்புறம்தான் தாளை எடுக்கிறேன். இந்தப் பாட்டி ஓர் இடத்தை வேண்டாம் என்றார். ஒரு பங்காளி வீட்டுக்காரரின் பெயர் வருகிற இடம். வெட்டிவிட்டேன்.

வேண்டாம் என்பதை இங்கே யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். 'அறுப்பு முடியட்டும் தம்பி' என்பார்கள். அறுப்பு முடிந்து போனால் 'வீரபாண்டித் திருவிழா போகட்டும்.' இரண்டாம் தடவை தவணை வந்தால் நான் அத்தோடு விட்டுவிடுவேன். ஊர்ப்பக்கம் போகும்போது பார்த்து நலம் விசாரிப்பதோடு சரி. டீக்கடைக்காரரை வைத்து அழுத்தம் கொடுத்தால் அவருக்கும் அந்த வீட்டுக்கும் மனஸ்தாபம் ஆகும். அதற்குப் பிறகு அந்த ஊரில் யாரும் எனக்குக் கதை சொல்ல மாட்டார்கள்.

படம் முடிந்ததும் ஒரு பிரதி அந்த வீட்டுக்குப் போக வேண்டும் என்பது பலருக்கு நினைவிருக்கிறது, எந்த வடிவத்தில் என்பதுதான் மறந்துபோகிறது. முழுப் படத்தை ஒரே கோப்பாகப் பென் டிரைவில் கொடுத்தால் யாரும் போட்டுப் பார்ப்பதில்லை. பாட்டி சொன்னதை மட்டும், வெட்டாமல், கதைக்கு ஒன்றாகப் பிரித்து, பேத்தியின் போனிலேயே ஏற்றிக் கொடுத்தேன். ஒவ்வொரு கோப்புக்கும் பாட்டி அந்தக் கதையை எப்படிச் சொல்வாரோ அதையே பெயராக வைத்தேன்.