திருப்பி அனுப்பும் காரணம்: தவறாகக் குறித்தால் பார்சல் திரும்பாது

தராசு, பில் போடும் இயந்திரம், பிளாஸ்டிக் டப்பாக்கள் முதலான கடைச் சாமான்களைச் செல்பேசிச் செயலி மூலம் வரவழைப்பது சேர்வராயன் மலைக் கடைகளிலும் வழக்கமாகிவிட்டது. வந்த சாமான் சரியில்லை என்றால் அதே செயலியில் திருப்பி அனுப்பலாம். ஆனால் எடுத்துப்போக வந்தவர், "இதை நான் எடுக்க முடியாது" என்று சொல்லிவிட்டு வெறுங்கையோடு போய்விடுவதும் உண்டு. பல நேரங்களில், செயலி கேட்ட காரணத்தை நாம் மாற்றிக் குறித்ததே இதற்குக் காரணம்.

காரணத்தை ஏன் கேட்கிறார்கள்?

செவ்வாய்ப்பேட்டை மண்டிக்குச் சரக்கைத் திருப்பினால் மண்டிக்காரரே பிரித்துப் பார்ப்பார். நாம் சொல்வதையும் கேட்டு முடிவு செய்வார். செயலி வியாபாரத்தில் கடைக்கு வருபவருக்கு முடிவு செய்யும் அதிகாரம் கிடையாது. அவர் கையிலுள்ள கருவியில் நாம் வாங்கிய பொருளின் பெயரும் படமும், சரிபார்க்க வேண்டிய கேள்விகளும் வரும். நாம் குறித்த காரணத்தை வைத்தே அந்தக் கேள்விகள் அமையும். ஒரு பதில் பொருந்தாவிட்டாலும் அவர் 'ஏற்கவில்லை' என்று பதிய வேண்டியதுதான். வாயால் சொல்லும் விளக்கத்தை எழுத அதில் இடம் இல்லை.

பிளிப்கார்ட் போன்ற நிறுவனங்களின் விதிகளிலேயே இது இருக்கிறது. பொருள் வாங்கியதாகவே இருக்க வேண்டும், உடன் வந்தவை எல்லாம் இருக்க வேண்டும், பயன்படுத்தாமலும் சேதம் இல்லாமலும் இருக்க வேண்டும். இல்லையேல் எடுக்க வருபவர் மறுக்கலாம்.

ஓர் எடுத்துக்காட்டு

நாகலூரில் ஒரு மளிகைக் கடைக்காரர் 30 கிலோ மின்னணுத் தராசு கேட்டார் என்று வைத்துக்கொள்வோம். வந்ததோ 10 கிலோ தராசு. செயலியில் காரணப் பட்டியல் வருகிறது. "எப்படியும் திருப்பத்தானே போகிறோம்" என்று அவர் No longer needed என்பதைத் தொட்டுவிடுகிறார். 'இனித் தேவையில்லை' என்பது அதன் பொருள்.

எடுக்க வந்தவரின் கருவியில் 30 கிலோ தராசின் படம் தெரிகிறது. மேசை மேல் இருப்பது 10 கிலோ தராசு. கேட்ட பொருளை வைத்துக்கொண்டு வேறொன்றைத் திருப்புவதாகவே அந்தக் கணக்கு கொள்ளும். பார்சலை எடுக்க மறுத்துவிடுவார். Wrong item was sent, அதாவது 'வேறு பொருள் வந்தது' என்று குறித்திருந்தால், பொருந்தாமையே திருப்புவதற்கு உரிய காரணமாகியிருக்கும்.

தராசின் தட்டு உடைந்து வந்திருந்தாலும் இதே கதைதான். 'தேவையில்லை' என்று குறித்தால் சேதமில்லாத பொருளை எதிர்பார்த்து வருவார்கள். உடைந்ததற்கு Damaged என்று தொடங்கும் காரணத்தையும், உடையாமல் ஆனால் வேலை செய்யாததற்கு Defective என்ற சொல் உள்ள காரணத்தையும், அடாப்டர் போன்றவை வராததற்கு Missing என்று தொடங்குவதையும் தேர்ந்தெடுக்க வேண்டும். சொற்கள் செயலிக்குச் செயலி சற்று மாறும், வகை இவைதான். மனம் மாறித் திருப்பும் நல்ல பொருளை 'பழுது' என்று குறிப்பதும் எடுபடாது. இயக்கிப் பார்த்தால் ஓடிவிடும்.

மறுக்கப்பட்டால்

வந்தவரோடு வாதாடிப் பயனில்லை. பழைய வேண்டுகோளை ரத்து செய்து, சரியான காரணத்தோடு அன்றே புதிதாகப் பதிய வேண்டும். திருப்பும் கெடு பெரும்பாலும் பொருள் கைக்கு வந்த நாளிலிருந்து எண்ணப்படுகிறது. மறுக்கப்பட்ட நாளிலிருந்து அல்ல. சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வர வேண்டிய நமக்கு, வீணான ஒரு வருகையே கெடுவில் சில நாட்களைத் தின்றுவிடும். பெட்டியின் முகவரிச் சீட்டையும் உள்ளிருந்த பொருளையும் படம் எடுத்து வைத்திருந்தால் வாடிக்கையாளர் சேவையில் பேச உதவும்.

சட்டமும் காரணமும்

2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, பழுதான பொருளையும், விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளையும் திரும்பப் பெற விற்பவர் மறுக்கக் கூடாது. 'இனித் தேவையில்லை' என்பதற்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. அது நிறுவனத்தின் சொந்த விதியைப் பொறுத்தது. ஆகவே தவறான காரணம் குறிப்பவர், தமக்குள்ள உரிமையைத் தாமே மறைத்துவிடுகிறார்.

ஒரு வரம்பும் உண்டு. மறுவிற்பனைக்கு வாங்கிய சரக்குக்கு நாம் நுகர்வோர் ஆகமாட்டோம். சுயதொழிலாகப் பிழைப்புக்கு நடத்தும் கடையில் தாமே பயன்படுத்த வாங்கிய தராசுக்கு நுகர்வோர் உரிமை கோரலாம். அத்தகைய புகாருக்கு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

பட்டியலைத் தொடுமுன் பெட்டியைப் பிரித்து, கேட்டதும் வந்ததும் ஒன்றா, முழுதாக உள்ளதா, ஓடுகிறதா என்று இந்த வரிசையில் பாருங்கள். முதலில் எது இல்லையோ அதுவே குறிக்க வேண்டிய காரணம்.