புல எண் பிழையும் பிழைத்திருத்தல் பத்திரமும்

வீட்டுக் கடன் கேட்டு வரும் வாடிக்கையாளரின் சொத்துப் பத்திரங்களை வங்கியின் சட்ட ஆலோசகர் பார்வையிடும்போது, பல ஆண்டுகளாக எவர் கண்ணிலும் படாதிருந்த பிழையொன்று வெளிப்படுவதுண்டு. நிலம் அனுபவத்தில் இருக்கிறது. வரியும் செலுத்தப்பட்டு வருகிறது. ஆனால் பத்திரத்தில் எழுதப்பட்டுள்ள புல எண் வேறொரு நிலத்தைக் குறிக்கிறது, அல்லது பரப்பளவு பொருந்தவில்லை. குடும்பத்திற்குள் எழுதிக்கொள்ளப்பட்ட பாகப்பிரிவினை, தான செட்டில்மெண்ட் போன்ற பத்திரங்களில் இத்தகைய பிழைகள் மிகுதி. விலைக்கு வாங்குபவர் அளந்து பார்த்து வாங்குவார். உடன்பிறந்தவர்களோ ஒருவரையொருவர் நம்பிக் கையெழுத்திடுவர். பதிவான பத்திரத்தில் மையால் அடித்துத் திருத்த எவருக்கும் உரிமையில்லை. அதைத் திருத்தும் வழி, மற்றொரு பதிவான பத்திரமே. அதற்குப் பிழைத்திருத்தல் பத்திரம் என்று பெயர். தமிழ்நாட்டு நடைமுறையை ஒட்டி, ஓர் எடுத்துக்காட்டின் மூலம் இதை விளக்குவோம்.

பிழை எவ்வாறு நேர்ந்தது?

தந்தை விட்டுச் சென்ற நிலங்களை இரு சகோதரர்களும் ஒரு சகோதரியும் 2006ஆம் ஆண்டு பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதிப் பிரித்துக்கொண்டனர். ‘சி’ ஷெட்யூலில் கண்ட நிலம் சகோதரிக்கு ஒதுக்கப்பட்டது. அந்நிலத்தின் சரியான புல எண் 214/2பி. பத்திரத்திலோ 214/2ஏ என்று எழுதப்பட்டுவிட்டது. பரப்பளவு 12½ சென்ட் என்று காணப்பட்டது.

பரப்பளவுப் பிழையின் காரணம் எளிது. தந்தையின் பட்டாவில் பரப்பு 0–12.50 என்று இருந்தது. பட்டாவில் இந்தக் கட்டம் ஹெக்டேரையும் ஏரையும் குறிக்கும். ஓர் ஏர் என்பது 100 சதுர மீட்டர். அதாவது ஏறத்தாழ 2.47 சென்ட். ஆகவே 12.50 ஏர் என்பது 30.89 சென்ட் ஆகும். ஆவண எழுத்தர் அந்த எண்ணைச் சென்ட் என்று கருதி அப்படியே எழுதிவிட்டார். பட்டாவிலுள்ள எண்ணும் பத்திரத்திலுள்ள எண்ணும் ஒன்றாகவே தோன்றியதால், கையெழுத்திட்ட எவருக்கும் ஐயம் எழவில்லை.

பிழை வெளிப்பட்டது சகோதரி அந்நிலத்தில் வீடு கட்டக் கடன் கேட்டபோது. அனுபவத்திலுள்ள 214/2பி என்ற எண்ணுக்கு எடுத்த வில்லங்கச் சான்றில் பாகப்பிரிவினைப் பத்திரம் இடம்பெறவே இல்லை. சொத்தைப் பற்றிய வில்லங்கச் சான்று புல எண்ணைக் கொண்டே தேடி வழங்கப்படுகிறது. எண் தவறானால் பத்திரம் வேறொருவருடைய நிலத்தின் கணக்கில் போய்ச் சேரும். 214/2ஏ என்பது மேற்கேயுள்ள அண்டை நிலத்துக்காரருடையது. அவருடைய சொத்தின் வில்லங்கச் சான்றில் இக்குடும்பத்தின் பாகப்பிரிவினை தோன்றியிருந்தது. ஓரெழுத்துப் பிழை இரு குடும்பங்களின் சொத்துரிமையையும் கலங்கச் செய்துவிட்டது.

திருத்தமா, புதிய உரிமை மாற்றமா?

பிழைத்திருத்தல் பத்திரம் எழுதுமுன் விடை காண வேண்டிய கேள்வி ஒன்றுண்டு: தரப்பினர் அன்று பிரித்துக்கொள்ள எண்ணிய நிலம் எது? அந்நிலமே இன்றும் நிலைத்து, அதனைக் குறித்த எண் மட்டும் மாறுமானால் அது திருத்தம். நிலமே மாறுமானால் அது திருத்தமன்று. பரிவர்த்தனை, தானம், விடுதலை என்ற வேறொரு பத்திரத்தின் வேலை. அதற்குரிய முத்திரைத் தீர்வையும் வேறு.

இதைத் தீர்மானிக்க உதவுவது பத்திரத்திலுள்ள நான்கெல்லை விவரம். புல எண்ணோ பரப்போ நான்கெல்லையோடு முரண்படும்போது, பொதுவாக நான்கெல்லைக்கே நீதிமன்றங்கள் முதன்மை தருகின்றன. நிலத்தைப் பார்த்து எழுதப்படுவது எல்லை. பதிவேட்டைப் பார்த்து எழுதப்படுவது எண்.

நம் எடுத்துக்காட்டில் ‘சி’ ஷெட்யூலின் மேற்கெல்லை, “214/2ஏ எண்ணுள்ள அண்டை நிலத்துக்குக் கிழக்கு” என்று எழுதப்பட்டிருந்தது. ஒரு நிலம் தனக்குத் தானே எல்லையாக இருக்க முடியாது. எனவே பிழை பத்திரத்திலிருந்தே வெளிப்பட்டது. கிழமேலாக 82 அடி, தென்வடலாக 164 அடி என்று நீள அகலமும் அதில் இருந்தன. இவற்றைப் பெருக்கினால் 13,448 சதுர அடி. ஒரு சென்ட் 435.6 சதுர அடி, ஆகவே 30.87 சென்ட். மீட்டரை அடியாக மாற்றும்போது பின்னத்தை விட்டதால் 30.89க்கும் இதற்கும் சிறு வேறுபாடு நேர்ந்தது. 12½ சென்ட் என்பதோ இந்த அளவுகளோடு எவ்வகையிலும் பொருந்தாது.

இத்துடன் வருவாய்த் துறையின் புலப்படம், ‘அ’ பதிவேட்டுப் பகுதி, தந்தையின் பட்டா ஆகியவற்றின் நகல்களையும் பெற்று ஒப்பிட வேண்டும். இங்கே ஓர் எச்சரிக்கை. பத்திரத்திலுள்ள எண்ணும் இன்றைய பட்டாவிலுள்ள எண்ணும் வேறுபடுவதெல்லாம் பிழையாகாது. நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தின்போதும், உட்பிரிவுகளின்போதும், நகர நில அளவையின்போதும் எண்கள் மாறியிருக்கக்கூடும். பத்திரம் எழுதிய நாளில் அந்த எண் சரியாக இருந்திருப்பின் திருத்தப் பத்திரம் தேவையில்லை. பழைய எண்ணுக்கும் புதிய எண்ணுக்கும் உள்ள தொடர்பைக் காட்டும் வருவாய்த் துறை ஆவணம் போதும். அதுபோலவே, பத்திரம் சரியாக இருந்து பட்டாவில் மட்டும் பிழையிருப்பின் அதைத் திருத்துவது வருவாய்த் துறையின் பணி, சார்பதிவாளரின் பணியன்று.

யார் கையெழுத்திட வேண்டும்?

மூலப் பத்திரத்தில் கையெழுத்திட்ட அனைவரும் பிழைத்திருத்தல் பத்திரத்திலும் கையெழுத்திட வேண்டும். பாகப்பிரிவினையில் ஒருவருடைய பங்கை மட்டும் திருத்துவதாயினும், மற்ற பங்குதாரர்களின் ஒப்புதல் இன்றியமையாதது. ஒருவர் இறந்திருந்தால் அவருடைய சட்டப்படியான வாரிசுகள் அனைவரும், வாரிசுச் சான்றிதழுடன், கையெழுத்திட வேண்டும்.

மூத்த சகோதரர் காலமாகியிருந்ததால், அவருடைய மனைவியும் மகனும் மகளும் கையெழுத்திட வேண்டியவராயினர். “பன்னிரண்டரை சென்ட் என்று எழுதியிருப்பதை முப்பது சென்ட் ஆக்கினால், பதினெட்டு சென்டை அத்தைக்குக் கூடுதலாகக் கொடுப்பதாகாதா?” என்று மகன் தயங்கினார். அவர் கேட்டது நியாயமான கேள்வி. எண்ணை மட்டும் பார்ப்பவருக்கு அப்படித்தான் தோன்றும். உரிமம் பெற்ற நில அளவரைக் கொண்டு, எல்லோர் முன்னிலையிலும் நிலம் அளக்கப்பட்டது. அத்தையின் வேலி 2006இல் எழுதிய நீள அகலத்திலேயே இருந்தது. தம் தந்தைக்குரிய ‘ஏ’ ஷெட்யூல் நிலத்தின் அளவு ஒரு சதுர அடியும் குறையவில்லை என்பதையும் மகன் கண்டார். அதன்பின் மூவரும் கையெழுத்திட்டனர். கையெழுத்துக் கேட்டுச் செல்லுமுன் அளந்து காட்டுவது எத்தனையோ மனக்கசப்பைத் தவிர்க்கும்.

வாரிசுகளில் பதினெட்டு வயது நிறையாதவர் இருப்பின், அவருடைய சொத்துரிமையைப் பாதிக்கக்கூடிய எதிலும் காப்பாளர் தாமாகக் கையெழுத்திடல் ஆகாது. நீதிமன்ற அனுமதி தேவைப்படுமா என்பதை வழக்கறிஞரிடம் முதலிலேயே கேட்டறிய வேண்டும்.

பத்திரத்தில் எழுத வேண்டியவை

மூலப் பத்திரத்தின் எண், ஆண்டு, பதிவான சார்பதிவாளர் அலுவலகம் ஆகியவற்றை முதலில் குறிப்பிட வேண்டும். அடுத்து, பிழை எவ்வாறு நேர்ந்தது என்பதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். “பட்டாவில் ஏர் கணக்கில் கண்ட பரப்பு, கவனக்குறைவால் சென்ட் எனத் தவறாக எழுதப்பட்டுவிட்டது” என்ற ஒரு வாக்கியம், பின்னாளில் பார்வையிடும் எவருக்கும் ஐயம் தீர்க்கும். பிறகு, தவறான விவரத்தையும் சரியான விவரத்தையும் அடுத்தடுத்துத் தர வேண்டும்:

“‘சி’ ஷெட்யூலில் புல எண் 214/2ஏ என்றும் பரப்பு 12½ சென்ட் என்றும் கண்டிருப்பதை, முறையே புல எண் 214/2பி என்றும் 30.89 சென்ட் என்றும் திருத்தி வாசித்துக்கொள்ள வேண்டியது. மூலப் பத்திரத்தின் நான்கெல்லையிலும் மற்ற ஷரத்துகளிலும் மாற்றம் ஏதுமில்லை.”

இறுதியில் திருத்தப்பட்ட சொத்து விவரம் முழுமையாக இடம்பெற வேண்டும். அதில் தவறான எண்ணையும் ‘முன்பு பிழையாகக் கண்ட எண்’ எனக் குறிப்பிட்டால், இரண்டு எண்களிலும் தேடுபவருக்குத் தொடர்பு கிடைக்கும். சாட்சிகள் இருவர் கையெழுத்துடன், சொத்து அமைந்துள்ள பகுதிக்குரிய சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் பதிவு செய்யப்படும்.

கட்டணம் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். எழுத்துப் பிழையைத் திருத்துவதற்குப் பொதுவாகச் செலவு குறைவு. ஆனால் பரப்பு மிகும்போது, கூடுதல் பரப்பின் மதிப்புக்குரிய தீர்வையைச் சார்பதிவாளர் கேட்கக்கூடும். எனவே வரைவையும், நீள அகலக் கணக்கையும், புலப்பட நகலையும் முன்னதாகவே காட்டி அவருடைய கருத்தை அறிந்துகொள்வது நன்று.

ஒருவர் மறுத்தால்

கையெழுத்திட வேண்டியவர் மறுத்தால் நீதிமன்றத்தை நாட வேண்டும். 1963ஆம் ஆண்டின் குறித்த வகை நிவாரணச் சட்டம், பிரிவு 26 இதற்கு வழி செய்கிறது. ஆனால் அங்கே மெய்ப்பிக்க வேண்டியது, மோசடி நேர்ந்தது என்பதை, அல்லது பிழை இரு தரப்பாருக்கும் பொதுவானது என்பதை. ஒருவர் மட்டும் தவறாகப் புரிந்துகொண்டார் என்பது போதாது. நல்லெண்ணத்துடன் விலை கொடுத்து வாங்கிய மூன்றாமவரின் உரிமையையும் அத்திருத்தம் பாதிக்கலாகாது. பிழை தெரியவந்த பிறகு காலம் தாழ்த்தினால் வழக்கு காலவரம்பில் அடிபடும் அபாயமும் உண்டு. பாகப்பிரிவினை நீதிமன்றத் தீர்ப்பாணையின் வழியாக நடந்திருப்பின், அதன் எழுத்துப் பிழையைத் திருத்த அந்நீதிமன்றத்திலேயே மனுச் செய்ய வேண்டும். தரப்பினர் எழுதும் பத்திரம் அதற்கு ஈடாகாது.

பதிவுக்குப் பின்

பதிவானதும் 214/2ஏ, 214/2பி ஆகிய இரு எண்களுக்கும் வில்லங்கச் சான்று எடுத்துப் பார்க்க வேண்டும். திருத்தம் பதிவேட்டில் ஏறியதற்கு அதுவே சான்று. பிறகு சரியான எண்ணுக்குப் பட்டா மாற்றம் கோர வேண்டும். மூலப் பத்திரமும் திருத்தல் பத்திரமும் இனி ஒன்றைவிட்டு ஒன்று பிரியாதவை. அடமானமோ விற்பனையோ எதுவாயினும் இரண்டையும் சேர்த்தே தர வேண்டும்.

பிழையுள்ள பத்திரம் ஏற்கெனவே வங்கியில் அடமானத்தில் இருப்பின், குடும்பத்தினர் தாமாகத் திருத்தல் பத்திரம் எழுதிவிடக் கூடாது. முதலில் கிளை மேலாளரிடம் எழுத்து மூலம் தெரிவித்து, வங்கியின் இசைவைப் பெற வேண்டும். அடமானத்துக்காகப் பதிவு செய்த உரிமை ஆவண ஒப்படைப்புப் பத்திரத்திலும் அதே தவறான எண் இருக்கும். அதையும் உடன் திருத்தியாக வேண்டும்.