₹500 கூப்பன்: பொடி எழுத்து சொல்வது என்ன?

துணிக்கடை கூப்பனை போட்டோ எடுத்து அனுப்பி, "இதை நம்பி ஷாப்பிங் போகலாமா?"ன்னு கேட்கிறவங்க நிறைய பேர். போட்டோவில் பெரிய எழுத்தில் "₹500 ஆஃப்" மட்டும்தான் பளிச்சுனு தெரியும். பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி இருந்தா, கூப்பனைத் திருப்பி பின்பக்கத்தையும் ஒரு போட்டோ எடுங்க. விஷயம் அங்கேதான் இருக்கு.

மாதிரிக்கு ஒரு கூப்பனை எடுத்துக்குவோம். பின்பக்கத்தில் மூணு வரி.

முதல் வரி: "வேலிட் ஃபார் 30 டேஸ் ஃப்ரம் டேட் ஆஃப் இஷ்யூ." கூப்பன் கொடுத்த நாளிலிருந்து 30 நாள்னு அர்த்தம். வாட்ஸ்அப்பில் போட்டோ வந்த தேதி கணக்கில் வராது. ஏப்ரல் 10-ல் கொடுத்த கூப்பன்னா, அந்த நாளையும் சேர்த்து எண்ணினா மே 9-ல் முடியும்; சேர்க்கலைன்னா மே 10. நீங்க மே 9-ன்னே வெச்சுக்குங்க.

இரண்டாவது வரி: "நாட் வேலிட் ஆன் டிஸ்கவுன்டட் மெர்ச்சண்டைஸ்." ஏற்கெனவே தள்ளுபடியில் இருக்கும் பொருளுக்கு இந்தக் கூப்பன் செல்லாது. பெரும்பாலும் மினிமம் பில்லைக் கணக்கிடும்போதும் அந்தப் பொருளைக் கழிச்சுடுவாங்க.

மூணாவது வரி: "மினிமம் நெட் பில் ₹3,000 பிஃபோர் டாக்ஸஸ்." வரியைக் கழிச்ச பிறகு பில் 3,000 ரூபாய் இருக்கணும். நாம பார்க்கிற எம்ஆர்பி-யிலோ ஜிஎஸ்டி ஏற்கெனவே சேர்ந்திருக்கு. நிறைய பேர் சறுக்குறது இங்கேதான்.

இப்போ பில் போட்டுப் பார்ப்போம். சட்டை ₹1,599, பேன்ட் ₹1,499, தள்ளுபடியில் கிடைச்ச டி-ஷர்ட் ₹599. மொத்தம் ₹3,697. தாராளமா தாண்டிட்டோம்னு தோணும், இல்லையா? டி-ஷர்ட்டைக் கழிச்சா ₹3,098. ஒரு துணி ₹2,500 வரை இருந்தா ஜிஎஸ்டி 5%. அதனால 3,098-ஐ 1.05-ஆல் வகுத்தா சுமார் ₹2,950. ஐம்பது ரூபாய் குறையுது. கவுன்டரில் கூப்பன் செல்லாதுன்னு சொல்லிடுவாங்க.

இதையே திருப்பிப் போட்டா கடைக்குள்ளேயே கணக்குப் பார்த்துடலாம். 3,000-ஐ 1.05-ஆல் பெருக்குங்க: ₹3,150. தள்ளுபடி இல்லாத பொருட்களின் எம்ஆர்பி அவ்வளவு இருக்கணும். டி-ஷர்ட்டை வெச்சுட்டு, தள்ளுபடி இல்லாத ₹75 கர்ச்சீஃப் ஒண்ணு எடுத்தா ₹3,173 ஆகுது. கூப்பன் செல்லும், நீங்க கட்டுறது ₹2,673. ஒரே துணி ₹2,500-க்கு மேல போனா மட்டும் ஜிஎஸ்டி 18%, அதனால அந்தத் துணிக்கு 1.18 போடணும்.

கடைசியா, "ஒரிஜினல் கூப்பன் டு பி சரண்டர்ட்"னு இருக்கான்னு பாருங்க. இருந்தா அந்தக் காகிதத்தையே கவுன்டரில் கொடுக்கணும். போனில் இருக்கும் போட்டோ செல்லாது. நண்பர் அனுப்பின போட்டோன்னா, முதல்ல கூப்பனை வாங்கிக்கிட்டு கிளம்புங்க.