நூறில் அந்த ஒரு நாள்: சிறிய போர்ட்ஃபோலியோவுக்கு 'வார்' கணக்கிடுவது எப்படி, எங்கே அது குறைத்துச் சொல்கிறது?

ரிஸ்க் பிரிவில் வேலைக்குப் போகிறவரிடம் நேர்காணலில் இப்படி ஒரு கேள்வி வரலாம்: "இந்த போர்ட்ஃபோலியோவின் ஒரு நாள், 99 சதவீத வேல்யூ அட் ரிஸ்க் 28,300 ரூபாய். இதற்கு என்ன பொருள்?" பலரும் சொல்லும் பதில், "ஒரு நாளில் அதிகபட்சம் 28,300 ரூபாய் நஷ்டம் வரலாம்" என்பது. இது தவறு. வேலையில் சேர்ந்த பிறகும் இதே நினைப்பில் அறிக்கை எழுதினால், அதை நம்பி முடிவெடுப்பவர் பணத்தை இழப்பார்.

சரியான பதில் இது: நூறு வர்த்தக நாள்களில் 99 நாள்கள் நஷ்டம் 28,300 ரூபாய்க்குள் நிற்கும், மீதி ஒரு நாள் அதைத் தாண்டும். எவ்வளவு தாண்டும் என்று இந்த எண் சொல்லவே இல்லை. அலுவலகங்களில் சுருக்கமாக 'வார்' என்று அழைக்கப்படும் இந்த அளவு, மோசமான நாள்கள் தொடங்கும் எல்லைக்கோடு. கோட்டுக்கு அந்தப் பக்கம் முழங்கால் ஆழமா, கிணறா என்பதை வேறு வழியில்தான் அறிய வேண்டும்.

முதலில் கையால் ஒரு கணக்கு

மென்பொருள் ஒரே நொடியில் எண்ணைத் தந்துவிடும். ஆனால் ஒருமுறை கையால் போட்டுப் பார்த்தவருக்குத்தான் அந்த எண் எதன்மேல் நிற்கிறது என்று புரியும்.

10 லட்ச ரூபாய் போர்ட்ஃபோலியோ ஒன்றை எடுத்துக்கொள்வோம். 6 லட்சம் நிஃப்டி 50 இண்டெக்ஸ் ஃபண்டில் இருக்கிறது. 4 லட்சம் ஒரு வங்கிப் பங்கில் இருக்கிறது. கடந்த காலத் தரவிலிருந்து, இண்டெக்ஸின் அன்றாட ஏற்றஇறக்கத்துக்குத் திட்டவிலக்கம் 1 சதவீதம், வங்கிப் பங்குக்கு 1.8 சதவீதம், இரண்டுக்கும் இடையே ஒட்டுறவு 0.7 என்று கிடைத்ததாக வைத்துக்கொள்வோம்.

ரூபாயில் பார்த்தால் இண்டெக்ஸின் திட்டவிலக்கம் 6,000, வங்கிப் பங்கினுடையது 7,200. இரண்டையும் நேராகக் கூட்டக் கூடாது. இரண்டும் எப்போதும் ஒன்றாகவே இறங்குவதில்லை.

```
sqrt(6000^2 + 7200^2 + 2*0.7*6000*7200) = 12,179
95% VaR = 1.645 * 12,179 = 20,034
99% VaR = 2.326 * 12,179 = 28,328
```

1.645, 2.326 என்ற இரண்டு எண்களும் இயல்நிலைப் பரவலிலிருந்து வருபவை. பள்ளிப் புள்ளியியலில் படித்த அதே மணி வடிவ வளைவுதான். சராசரி லாபத்தைப் பூஜ்யமாக எடுத்துக்கொண்டோம். ஒரு நாள் கணக்கில் அதனால் பெரிய வேறுபாடு வராது. ஆண்டுக்கு ஏறக்குறைய 250 வர்த்தக நாள்கள் என்பதால், நஷ்டம் 28,300-ஐத் தாண்டும் நாள் ஆண்டுக்கு இரண்டோ மூன்றோ வரும்.

நடந்த நாள்களை இதில் வைத்துப் பாருங்கள்

2024 ஜூன் 4, மக்களவைத் தேர்தல் வாக்கு எண்ணிக்கை நாள். நிஃப்டி 50 அன்று 5.93 சதவீதம் சரிந்தது. நம் இண்டெக்ஸ் ஃபண்டின் 6 லட்சத்தில் மட்டும் 35,580 ரூபாய் போயிருக்கும். 2020 மார்ச் 12 அன்று சரிவு 8.3 சதவீதம், நஷ்டம் 49,800 ரூபாய். நாடு தழுவிய ஊரடங்கு அறிவிக்கப்படுவதற்கு முந்தைய நாளான மார்ச் 23 அன்று 12.98 சதவீதம், 77,880 ரூபாய். வங்கிப் பங்கு ஒரு பைசாகூட இறங்கவில்லை என்று வைத்துக்கொண்டாலே இவ்வளவு. உண்மையில் அப்படிப்பட்ட நாள்களில் எல்லாம் சேர்ந்தே விழும், 0.7 என்று எழுதிய ஒட்டுறவு ஒன்றை நெருங்கும். பரவலாக முதலீடு செய்ததால் கிடைத்த பாதுகாப்பு, அது மிகவும் தேவைப்படும் நாளில்தான் கரைந்துபோகிறது.

எல்லைக்கோட்டைத் தாண்டியது தவறல்ல. தாண்டும் என்று வாரே சொன்னது. சிக்கல், தாண்டிய தூரத்தில் இருக்கிறது. திட்டவிலக்கம் 1 சதவீதமாக இருக்கும் இயல்நிலைப் பரவலில், ஒரே நாளில் 5.93 சதவீதச் சரிவு 25 லட்சம் ஆண்டுகளுக்கு ஒருமுறைகூட வரக் கூடாது. நான்கே ஆண்டு இடைவெளியில் அதுவும் அதைவிடப் பெரியவையும் வந்துவிட்டன. சந்தை விதியை மீறவில்லை. நாம் மாட்டிய வளைவு சந்தையின் வளைவு அல்ல.

வால் ஏன் தடிக்கிறது?

வளைவின் இரு ஓரங்களையும் வால் என்பார்கள். இயல்நிலைப் பரவலில் வால் மிக வேகமாக மெலிந்துவிடும். சந்தை விலைகளில் அது அவ்வளவு வேகமாக மெலிவதில்லை. அதனால்தான் 'தடித்த வால்' என்ற பெயர்.

இதற்கு ஒரு முக்கியக் காரணம், ஏற்றஇறக்கம் எல்லா நாளும் ஒரே அளவில் இருப்பதில்லை என்பது. மாதக்கணக்கில் அரை சதவீதம், முக்கால் சதவீதம் என்று அமைதியாகப் போகும். பிறகு சில வாரங்கள் நாளுக்கு மூன்று, நான்கு சதவீதம் ஆடும். இரண்டையும் ஒரே தரவில் கலந்து சராசரி எடுத்தால் 1 சதவீதம் வரும். அந்த 1 சதவீதம் அமைதிக் காலத்துக்கு அதிகம், கொந்தளிப்புக் காலத்துக்கு மிகக் குறைவு. தேர்தல் முடிவு, தொற்றுநோய் போல ஒரே செய்தியால் எல்லோரும் ஒரே பக்கம் ஓடும் நாள்கள் இதோடு சேர்கின்றன.

95-ல் தேறும், 99.9-ல் தோற்கும்

ரிஸ்க் வேலையில் புதிதாகச் சேர்கிறவர்கள் இந்தப் பகுதியை நிறுத்தி நிதானமாகப் படிக்க வேண்டும். தடித்த வால் இருந்தால் எல்லா வார் எண்களும் குறைவாகவே இருக்கும் என்று நினைத்துவிடுகிறோம். அப்படி இல்லை.

இயல்நிலைப் பரவலுக்குப் பதிலாக, வால் தடித்த ஸ்டூடன்ட் டி-பரவலை நம் போர்ட்ஃபோலியோவுக்கு மாட்டுவோம். வரையின்மைப் படி 4 என்று எடுத்துக்கொண்டு, திட்டவிலக்கத்தை அதே 12,179 ரூபாயில் வைப்போம். 95 சதவீத வார் 20,034-இலிருந்து சுமார் 18,350 ஆகிறது, அதாவது குறைகிறது. 99 சதவீத வார் 28,328-இலிருந்து சுமார் 32,300 ஆக உயர்கிறது. 99.9 சதவீதத்துக்குப் போனால் இயல்நிலை சொல்வது சுமார் 37,600, தடித்த வால் சொல்வது சுமார் 61,800.

காரணம் எளிது. மொத்த ஏற்றஇறக்கம் இரண்டிலும் ஒன்றே. தடித்த வாலில் அதன் பெரும்பங்கைச் சில பயங்கர நாள்கள் எடுத்துக்கொள்வதால், சாதாரண நாள்கள் இன்னும் அமைதியாகத் தெரிகின்றன. இதன் விளைவு ஆபத்தானது: 95 சதவீத வாரை மட்டும் சோதித்துப் பார்த்தால் மாதிரி நன்றாகவே தேறும். தாண்டிய நாள்கள் எதிர்பார்த்த எண்ணிக்கையிலோ அதற்குக் குறைவாகவோ இருக்கும். "மாதிரி சரி" என்று கையெழுத்தும் போட்டுவிடுவோம். ஓட்டை இன்னும் ஓரத்தில் இருக்கிறது.

கோட்டுக்கு அப்பால் பார்க்கும் அளவு

ஆகவே இரண்டாவதாக ஒரு எண் வேண்டும். கோட்டைத் தாண்டிய நாள்களை மட்டும் எடுத்து, அவற்றின் சராசரி நஷ்டம் என்ன என்று கேட்பது. இதற்குப் பெயர் எக்ஸ்பெக்டட் ஷார்ட்ஃபால். நம் கணக்கில் 99 சதவீதத்துக்கு இயல்நிலை சொல்லும் சராசரி சுமார் 32,500. டி-பரவல் சொல்வது சுமார் 45,000. வாரில் 14 சதவீதமாக இருந்த வேறுபாடு இங்கே 38 சதவீதமாக விரிகிறது. வங்கிகளின் சந்தை ரிஸ்க் மூலதனத்துக்கு, 99 சதவீத வாருக்குப் பதிலாக 97.5 சதவீத எக்ஸ்பெக்டட் ஷார்ட்ஃபாலை பேசல் குழு 2016-இல் கொண்டுவந்ததற்கும் வாலைப் பார்க்காத இந்தக் குறைதான் அடிப்படை.

எக்ஸெலில் இதைச் செய்ய எந்தப் பரவலும் தேவையில்லை. இன்றைய 6 லட்சம், 4 லட்சம் என்ற பங்கீட்டைக் கடந்த 500 நாள்களின் விலை மாற்றங்களில் ஓடவிட்டு, அன்றன்று வந்திருக்கும் லாபநஷ்டத்தை B பத்தியில் வையுங்கள்.

```
=-PERCENTILE.INC(B2:B501,0.01)
=-AVERAGEIF(B2:B501,"<="&PERCENTILE.INC(B2:B501,0.01))
=KURT(B2:B501)
```

முதல் வரி 99 சதவீத வார். இரண்டாவது எக்ஸ்பெக்டட் ஷார்ட்ஃபால். மூன்றாவது வாலின் தடிமனைக் காட்டும். இயல்நிலைப் பரவலுக்கு அது பூஜ்யத்தை ஒட்டி வரும். மூன்று, ஐந்து என்று வந்தால் 2.326-ஐப் பெருக்கிப் போட்ட எண்ணை நம்பாதீர்கள்.

இந்த வழிக்கும் ஒரு வரம்பு உண்டு. 500 நாள்களில் ஒரு சதவீதம் ஐந்தே நாள்கள். எல்லா முடிவும் அந்த ஐந்தின்மேல் நிற்கிறது. 500 நாள் என்பது இரண்டு ஆண்டு. எனவே 2020 மார்ச் மாதத்தின் நாள்கள் 2022 மார்ச், ஏப்ரல் வாக்கில் தரவிலிருந்து நழுவின. அந்தச் சில வாரங்களில், கையிருப்பில் எதுவும் மாறாமலே வார் எண் இறங்கியிருக்கும். அப்படி இறங்கும்போது ரிஸ்க் குறையவில்லை, நினைவுதான் குறைந்தது. அதனால் எண் இறங்கினால் முதலில் கேட்க வேண்டியது: எந்த நாள் வெளியே போனது?

மேசையில் செய்ய வேண்டியவை

தாண்டிய நாள்களை எண்ணுங்கள். பேசல் முறைப்படி, 99 சதவீத வாரை 250 நாள்களில் நான்கு முறை வரை தாண்டினால் பச்சை. ஐந்து முதல் ஒன்பது வரை மஞ்சள். பத்து ஆனால் சிவப்பு. எண்ணிக்கையோடு நிற்காமல், ஒவ்வொரு முறையும் எத்தனை மடங்கு தாண்டியது, அடுத்தடுத்த நாள்களில் தாண்டியதா என்றும் ஒரு பத்தியில் குறியுங்கள். நான்கே முறை, ஆனால் நான்கும் ஒரே வாரத்தில் என்றால், பச்சை நிறத்தைப் பார்த்து நிம்மதி அடையக் கூடாது.

வாருக்குப் பக்கத்திலேயே ஒரு நடந்த நாளையும் வையுங்கள். அறிக்கையின் வாக்கியம் இப்படி இருக்கலாம்: "ஒரு நாள் 99 சதவீத வார் 28,300 ரூபாய், ஆண்டுக்கு இரண்டு மூன்று நாள்கள் நஷ்டம் இதைத் தாண்டும். தடித்த வால் கணக்கில், தாண்டும் நாள்களின் சராசரி நஷ்டம் சுமார் 45,000. 2020 மார்ச் 23 திரும்ப வந்தால், இண்டெக்ஸ் பகுதியில் மட்டும் 77,880."

இந்த மூன்று எண்களையும் சேர்த்துப் படிக்கிறவர், "எவ்வளவு இழக்கலாம்?" என்று கேட்பதை விட்டு, "77,880 போனாலும் நான் விற்காமல் தாங்குவேனா, அதற்குள் வேறு செலவுக்கு இந்தப் பணம் தேவைப்படுமா?" என்று கேட்பார். 10 லட்சம் வைத்திருப்பவர் முதலீட்டின் அளவை முடிவு செய்ய வேண்டியது அந்தக் கேள்வியை வைத்துத்தான். 28,300-ஐ வைத்து அல்ல.