வலி மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள்



மனைவிக்கு ஏழாம் மாதம். இடுப்பு வலிக்குது என்கிறாள். கடையில் "ஒரு வலி மாத்திரை குடுங்க" என்று வாங்கி வருகிறீர்கள். கொடுக்குமுன் அட்டையின் பின்புறம் பாருங்கள். "பாராசிட்டமால் 325 மி.கி., இபுபுரூஃபன் 400 மி.கி." என்று இரண்டு மருந்து இருக்கிறதா? இரண்டாவதுதான் ஆகாதது. டைக்ளோஃபினாக்கும் அதே இனம்.

ஏன் ஆகாது? வலியை உண்டாக்கும் ஒரு பொருளை இவை அடக்குகின்றன. ஆனால் அதே பொருள் வயிற்றுப் பிள்ளைக்குத் தேவை. பிள்ளை இன்னும் மூச்சுக் காற்றை இழுப்பதில்லை. அதன் ரத்தம் பெரும்பாலும் நுரையீரலுக்குள் போகாமல் ஒரு சிறு குழாய் வழியே செல்கிறது. அக்குழாயைத் திறந்து வைப்பது அந்தப் பொருளே. அது குறைந்தால் பிறக்குமுன்பே குழாய் சுருங்கி, இதயம் திணறும். பிள்ளையின் சிறுநீரும் குறைந்து, பனிக்குட நீர் வற்றலாம். ஆகவே 20 வாரத்துக்குப் பின் இவை கூடாது. அதற்கு முன்னும் டாக்டரைக் கேளாமல் வேண்டாம்.

வலிக்கும் காய்ச்சலுக்கும் தனிப் பாராசிட்டமால் 500 மி.கி. ஒன்று போதும். அடுத்ததற்கு ஆறு மணி நேரம் இடைவெளி விடுங்கள். ஜலதோஷ மாத்திரை பலவற்றிலும் பாராசிட்டமால் உண்டு. இரண்டையும் சேர்த்துப் போட்டால் அளவு மீறும். அவற்றில் மூக்கடைப்பு மருந்தும் இருந்தால் ரத்தக் கொதிப்பை ஏற்றக்கூடும். ஆவி பிடித்தால் மூக்கடைப்பு சற்றுத் தணியலாம்.

டாக்டர் எழுதித் தந்த சிறு அளவு ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்தாதீர்கள். அட்டையைப் படிக்கத் தெரியலையா? அதை அப்படியே கிராம சுகாதார செவிலியரிடம் காட்டுங்கள். இரண்டு நாளில் காய்ச்சல் விடாவிட்டால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்லுங்கள்.